அடைப்பான்: ஒரு நோயின் பெயரும், அறுக்கக் கூடாத உடலும்

"நேற்றுச் சாயங்காலம் வரை நன்றாக மேய்ந்த மாடு, காலையில் பார்த்தால் செத்துக் கிடக்கிறது. வயிறு ஊதியிருக்கிறது. மூக்கிலும் ஆசனவாயிலும் கறுப்பாக ரத்தம் வடிந்திருக்கிறது. இது அடைப்பானா? அறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?"

ஒரு விவசாயி கேட்ட கேள்விகள் இவை. முதல் கேள்விக்கு "இருக்கலாம்" என்றுதான் உடனே சொல்ல முடியும். இரண்டாவதற்கு உறுதியான பதில் உண்டு: அறுக்கக் கூடாது. ஏன் என்பதற்கு முன்னால் பெயரைப் பார்த்துவிடுவோம். இந்தப் பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது, அது மாட்டின் உயிரோடு விளையாடும் குழப்பம்.

அடைப்பானுக்கு ஆங்கிலத்தில் ஆந்த்ராக்ஸ் என்று பெயர். அது கிரேக்கச் சொல். பொருள், கரி. அந்திரசைட் என்ற நிலக்கரி வகையின் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். நோய் மனிதனின் தோலில் தொற்றினால் முதலில் பூச்சி கடித்ததுபோல் ஒரு கொப்புளம் அரிக்கும். சில நாளில் அது உடைந்து, நடுவில் கன்னங்கரேலென்று ஒரு பொருக்கு உட்காரும். சுற்றிலும் வீங்கும், ஆனால் பெரிதாக வலிக்காது. அந்தக் கறுப்புதான் பெயராயிற்று. பிரெஞ்சுக்காரர்களும் இதைக் கரி என்ற பொருளில் 'ஷார்போன்' என்றே சொல்கிறார்கள். ஜெர்மானியர்களோ மாட்டின் உள்ளே பார்த்துப் பெயர் வைத்தார்கள். 'மில்ட்ஸ்பிராண்ட்' என்றால் மண்ணீரல் எரிவு. செத்த மாட்டில் மண்ணீரல் பல மடங்கு வீங்கி, கறுத்து, குழைந்து கிடக்கும். ஆக, அந்தப் பெயரே யாரோ மாட்டை அறுத்துப் பார்த்ததால் வந்த பெயர்.

தமிழில் அடைப்பான் என்கிறோம். அடை என்ற வினையிலிருந்து பிறந்த சொல், அடைப்பது எதுவோ அது அடைப்பான். கால்நடைத் துறையின் கையேடுகளிலும் தடுப்பூசி அட்டவணைகளிலும் ஆந்த்ராக்ஸுக்கு இதுதான் பெயர். 'கரிநோய்' என்று நேராக மொழிபெயர்த்தால் யாருக்கும் புரியாது, தேவையும் இல்லை.

குழப்பம் எங்கே என்றால், 'தொண்டை அடைப்பான்' என்று வேறொரு நோய் இருக்கிறது. அது பாஸ்சுரெல்லா என்ற வேறு கிருமியால் வருவது. காய்ச்சலோடு தொண்டை வீங்கி, மூச்சு கொர்கொர்ரென்று இரைக்கும். பேச்சில் இரண்டையுமே வெறும் 'அடைப்பான்' என்று சொல்லிவிடுகிறார்கள். "போன மாதம்தான் அடைப்பான் ஊசி போட்டோம், அதனால் அது வர வாய்ப்பில்லை" என்று ஒருவர் டாக்டரிடம் சொல்வார். அவர் போட்டது தொண்டை அடைப்பானுக்கான ஊசியாக இருக்கும். ஒன்றுக்குப் போட்ட ஊசி மற்றதைத் தடுக்காது. அதனால் தகவல் சொல்லும்போது 'அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ்' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வது நல்லது. தனித்தமிழ் ஆர்வம் எனக்கும் உண்டு, ஆனால் இந்த இடத்தில் அந்நியச் சொல்லைத் துணைக்கு வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

சரி, ஏன் அறுக்கக் கூடாது?

1876இல் ராபர்ட் கோக், அப்போது அவர் ஒரு சிற்றூர் மருத்துவர், இந்த நோய்க் கிருமியை மாட்டின் கண்ணிலிருந்து எடுத்த நீரில் வளர்த்து, நுண்ணோக்கியில் தொடர்ந்து பார்த்தார். குட்டையான குச்சிகளாக இருந்த கிருமிகள் நீண்ட இழைகளாக வளர்ந்தன. அப்புறம் அந்த இழைகளுக்குள்ளே பளபளப்பான சிறு மணிகள் வரிசையாகத் தோன்றின. இழை கரைந்துபோன பிறகும் மணிகள் அப்படியே இருந்தன. புதிய ஊட்டத்தில் வைத்ததும் அந்த மணிகளிலிருந்து மறுபடி குச்சிகள் கிளம்பின. அந்த மணிக்குப் பெயர் ஸ்போர். தமிழ்ப் பாடநூல்களில் வித்து என்றும் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு, ஒரு செடி நூறு விதை தருவதைப்போல நினைத்துவிடக் கூடாது. ஒரு கிருமி ஒரே ஒரு ஸ்போராகத்தான் மாறும். பெருகுவதற்காக அல்ல, கெட்ட காலத்தைத் தாண்டுவதற்காக.

இங்கே ஒரு நிபந்தனை இருக்கிறது. ஸ்போராக மாற இந்தக் கிருமிக்குக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். மாட்டின் உடலுக்குள் இருக்கும்வரை அது குச்சி வடிவிலேயே இருக்கும். மாடு செத்து, தோல் கிழியாமல் கிடந்தால், குடலிலிருந்து அழுகல் கிருமிகள் கிளம்பி உடல் முழுக்கப் பரவும். உள்ளே ஆக்சிஜன் இல்லை, போட்டியோ கடுமை. குச்சி வடிவம் நோஞ்சான் வடிவம், வெப்பமான பருவத்தில் சில நாட்களிலேயே அழிந்துவிடும். அதாவது மூடிய உடல் தன் கிருமிகளில் பெரும்பகுதியைத் தானே கொன்றுவிடுகிறது.

கத்தி போட்டால் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. சாகும் தறுவாயில் இந்த மாட்டின் ரத்தத்தில் ஒரு சொட்டிலேயே எண்ணற்ற கிருமிகள் இருக்கும். அந்த ரத்தம் உறையாது என்பதால் வெட்டிய இடத்திலெல்லாம் ஓடி மண்ணில் இறங்கும். காற்றுப் பட்டதும் ஸ்போர்கள் உருவாகத் தொடங்கும். உருவாகிவிட்டால் வெயில், வறட்சி, சாராயம், சாதாரணக் கிருமிநாசினி எதற்கும் அசையாது. எத்தனை காலம்? ஸ்காட்லாந்துக் கரையோரமுள்ள குருனார்டு தீவில் 1942இல் ஆடுகளை வைத்து ஆந்த்ராக்ஸ் ஆயுதச் சோதனை நடத்தினார்கள். 1986இல் கடல்நீரில் ஃபார்மால்டிஹைடு கலந்து மண்ணை நனைத்துச் சுத்தம் செய்த பிறகு, 1990இல்தான் தீவு பாதுகாப்பானது என்று அறிவித்தார்கள்.

"அப்படியென்றால் மூக்கில் ஏற்கெனவே வடிந்த ரத்தம்?" நல்ல கேள்வி. அதில் ஸ்போர் உருவாகத்தான் செய்யும். அதனால்தான் கையுறை போட்டுக்கொண்டு, ஃபார்மலினில் நனைத்த பஞ்சை இயற்கைத் துவாரங்களில் திணித்து, தலையையும் பின்புறத்தையும் தடித்த பைகளால் கட்டுவார்கள். ரத்தம் சிந்திய மண்ணையும் சேர்த்தே அப்புறப்படுத்துவார்கள். வயிறு ஊதியிருக்கிறதே என்று குத்தி வாயுவை விடக் கூடாது. உடலைத் தரையோடு இழுத்துப் போகவும் கூடாது. டாக்டர் வரும்வரை நாய், காக்கை அண்டாமல் மூடி வைத்தால் போதும்.

"அறுக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?" காதின் ரத்தக் குழாயிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகத் தேய்ப்பார்கள். பழகிய கால்நடை மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டியது இது. தகட்டைப் பாலிகுரோம் மெத்திலீன் நீலத்தில் சாயம் ஏற்றினால், முனை சதுரமாக வெட்டினாற்போன்ற நீலக் குச்சிகள் சிறு சங்கிலிகளாகத் தெரியும். அவற்றைச் சுற்றி இளஞ்சிவப்பாக ஓர் உறை படர்ந்திருக்கும். அந்த இளஞ்சிவப்பு தெரிந்தால் சந்தேகம் ஏறக்குறைய தீர்ந்தது. நேரம் முக்கியம்: உடல் அழுகத் தொடங்கிவிட்டால் அழுகல் கிருமிகளின் கூட்டத்தில் இதைத் தேடிப் பிடிப்பது கடினம். அதனால் மாடு செத்த அன்றே தகவல் போக வேண்டும்.

வெளி அறிகுறியை மட்டும் நம்பவும் கூடாது. உடல் விறைக்காமல் இருப்பது, தார் போன்ற ரத்தம் வடிவது, சீக்கிரம் ஊதிப்போவது ஆகியவை அடைப்பானைச் சுட்டும். ஆனால் ரத்தம் வடியாமலும் அடைப்பானில் மாடு சாகும். மின்னல், பாம்புக்கடி, பூச்சிமருந்து, வயிற்று உப்புசம், சப்பை நோய் எல்லாமே மாட்டைத் திடீரென்று சாய்க்கக்கூடியவை. காரணம் தெரியாத திடீர்ச் சாவு என்றால் ரத்தப் பரிசோதனை முடியும்வரை அடைப்பான் என்றே வைத்துக்கொண்டு நடப்பது சரியான வழி.

"தோலையாவது உரித்துக்கொள்ளலாமா? இறைச்சியை நன்றாக வேகவைத்தால்?" இரண்டும் கூடாது. ஆபத்து வேகவைப்பதற்கு முன்பே, வெட்டும் கையில் தொடங்குகிறது. சிறு சிராய்ப்பு போதும். ஸ்போர்கள் சாதாரணச் சூட்டைத் தாங்கக்கூடியவை. தோலும் ரோமமும் ஸ்போரை வெகுதூரம் சுமந்து போகும். கம்பளித் தொழிலாளர்களின் நோய் என்றே இதன் நுரையீரல் வகைக்கு ஒரு காலத்தில் பெயர் இருந்தது. ஏற்கெனவே அறுத்துவிட்டிருந்தால் மறைக்க வேண்டாம். சோப்பு போட்டுக் கைகளைத் தேய்த்துக் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போய் "செத்த மாட்டை அறுத்தேன், ஆந்த்ராக்ஸ் சந்தேகம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் சரியான மருந்து ஆரம்பிப்பார்கள். தோலில் வரும் வகை நேரத்தில் மருந்து கொடுத்தால் குணமாகும்.

உடலை என்ன செய்வது? முழுமையாக எரிப்பது முதல் தேர்வு. முடியாவிட்டால், நிலத்தடி நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே, சுமார் 2 மீட்டர் ஆழத்தில் புதைப்பார்கள். ஆழம் ஏன் என்றால், மேலோட்டமாகப் புதைத்த இடங்களில் மண்புழுக்கள் ஸ்போரை மேல்மண்ணுக்குக் கொண்டுவருவதாக 1880இல் லூயி பாஸ்டர் எழுதினார். பல ஊர்களில் குழியில் சுண்ணாம்பு கொட்டுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு அதைத் தவிர்க்கச் சொல்கிறது. அதிலுள்ள கால்சியம் ஸ்போர் நீடிக்கவே உதவக்கூடும் என்பது காரணம். உள்ளூர்க் கால்நடை அலுவலர் வேறு விதமாகச் சொன்னால் அவரிடமே இதைக் கேட்டுவிடலாம்.

கடைசிக் கேள்வி: "மற்ற மாடுகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா?" உயிருள்ள மாட்டிடமிருந்து மாட்டுக்குத் தொற்றுவது அபூர்வம். ஆனால் செத்த மாடு மேய்ந்த அதே புல்லை அவையும் மேய்ந்திருக்கும். அதனால் முதலில் மேய்ச்சலை மாற்ற வேண்டும். பிறகு ஒவ்வொன்றுக்கும் காய்ச்சல் பார்க்க வேண்டும். காய்ச்சல் உள்ள மாட்டைத் தனியே கட்டி, பாலைப் பயன்படுத்தாமல் விட்டு, டாக்டர் பென்சிலின் கொடுப்பார். சீக்கிரம் கொடுத்தால் பிழைக்கும். நலமாக இருப்பவற்றுக்குத் தடுப்பூசி. ஒரே மாட்டுக்கு இரண்டையும் ஒரே நாளில் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் இந்தத் தடுப்பூசியே வீரியம் குறைத்த உயிருள்ள ஸ்போர்தான். பென்சிலின் அதையும் கொன்றுவிடும், ஊசி வீணாகும். மருந்து கொடுத்த மாட்டுக்கு டாக்டர் சொல்லும் இடைவெளி விட்டே ஊசி போட வேண்டும். ஊசி போட்ட மாட்டுக்கும் எதிர்ப்பு உருவாகச் சுமார் 10 நாளாவது ஆகும், அதுவரை பழைய மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டக் கூடாது. ஒருமுறை அடைப்பான் கண்ட நிலத்தில் மேயும் மாடுகளுக்கு இந்த ஊசி ஆண்டுதோறும் தேவை. அட்டையில் 'அடைப்பான்' என்று எழுதியிருக்கிறதா, 'தொண்டை அடைப்பான்' என்று எழுதியிருக்கிறதா என்று ஊசி போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.