மீட்டர் சிவக்கவில்லை, பாட்டு ஏன் கரகரக்கிறது?

வீட்டில் பதிவுசெய்த பாட்டை மிக்ஸ் செய்து முடித்து, மாஸ்டர் ட்ராக்கில், உச்சங்களை ஓர் எல்லைக்கு மேல் போகவிடாத லிமிட்டரைப் போட்டு, அந்த எல்லையான சீலிங்கை −0.1 டெசிபெலில் வைத்து எக்ஸ்போர்ட் செய்கிறோம். முழுப் பாட்டும் ஓடியும் மீட்டர் ஒரு தடவைகூடச் சிவக்கவில்லை. ஆனால் அதே பாட்டை ஸ்ட்ரீமிங் தளத்தில் ஏற்றிக் கேட்டால், குரல் உச்சத்துக்குப் போகும் இடத்திலும் சிம்பல் விழும் இடத்திலும் லேசான கரகரப்பு. தளம் பாட்டைக் கெடுத்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். கெடுதலுக்கான இடத்தை நாமே விட்டுவைத்தோம் என்பதுதான் பெரும்பாலும் உண்மை. அந்த −0.1 எதை அளந்த கணக்கு என்று பார்த்தால் இது விளங்கும்.

டிஜிட்டல் ஆடியோவில் அலை முழுசாகச் சேமிக்கப்படுவதில்லை. நொடிக்கு 44,100 அல்லது 48,000 தடவை அதன் உயரம் குறித்துவைக்கப்படுகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு குறிப்பும் ஒரு சாம்பிள். சாதாரண மீட்டர் பார்ப்பது இந்தக் குறிப்புகளில் எது பெரியது என்பதை மட்டுமே. ஆனால் ஹெட்ஃபோனுக்குப் போவது குறிப்புகள் அல்ல. அவற்றின் வழியாக மறுபடி வரையப்படும் வளைகோடு. ஆடும் ஊஞ்சலைச் சீரான இடைவெளியில் படம் எடுத்தால், அது மிக உயரத்தில் இருந்த கணம் இரண்டு படங்களுக்கு நடுவில் போய்விடலாம். அதுபோல அலையின் உச்சமும் இரண்டு சாம்பிள்களுக்கு நடுவில் விழலாம். அந்த நிஜ உச்சத்தைத்தான் ட்ரூ பீக் என்கிறார்கள். அதன் அலகு dBTP.

வித்தியாசம் எவ்வளவு இருக்கும்? சாம்பிள் வேகத்தில் சரியாகக் கால் பங்கு அதிர்வெண் கொண்ட ஒரு சைன் அலையை எடுத்துக்கொள்வோம். 44,100-க்கு அது 11,025 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு நான்கே சாம்பிள். அவை நான்கும் உச்சியில் விழாமல் 45, 135, 225, 315 பாகைகளில் விழுந்தால், ஒவ்வொன்றின் அளவும் உச்சத்தில் 0.707 பங்குதான். இந்த அலையை மீட்டர் 0 காட்டும்வரை ஏற்றினால், நிஜ உச்சம் +3 டெசிபெலில் நிற்கும். 0-ஐத் தாண்டும் பகுதி வெட்டுப்படும், அதுதான் கரகரப்பாகக் கேட்கிறது. மீட்டரில் ஒரு சிவப்பும் இராது. இது வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த மோசமான உதாரணம். பாட்டில் வித்தியாசம் பெரும்பாலும் ஒரு டெசிபெலுக்குள் அடங்கிவிடும். லிமிட்டரால் பலமாக நசுக்கிய, சிம்பலும் டிஸ்டார்ஷன் கிட்டாரும் நிறைந்த பாட்டில் அதையும் தாண்டும்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. தளம் நம்முடைய வேவ் ஃபைலை அப்படியே எல்லோருக்கும் அனுப்புவதில்லை. ஆக் வோர்பிஸ், ஏஏசி போன்ற வடிவங்களுக்குச் சுருக்கி அனுப்புகிறது. சுருக்கும் என்கோடர் காதுக்குத் தெரியாது என்று கணிக்கும் பகுதிகளைக் கழித்துவிடும், மீதியைத் தோராயமாக எழுதிவைக்கும். கழித்தால் உச்சம் குறையத்தானே வேண்டும் என்று தோன்றும். இல்லை, கூடலாம்.

சதுர அலையை நினைத்துப் பாருங்கள். அதன் தலை தட்டையாக இருக்கிறது. அடிப்படை அதிர்வெண்ணின் மேல் அதன் மடங்குகளான பல ஹார்மானிக்குகள் சேர்ந்து, அதன் கூம்பான தலையை அழுத்திப் பிடித்திருப்பதால்தான் அந்தத் தட்டை. ஹார்மானிக்குகளை எல்லாம் எடுத்துவிட்டால் எஞ்சும் சைன் அலையின் உயரம், சதுர அலையைவிட 1.27 மடங்கு. அதாவது 2.1 டெசிபெல் அதிகம். லிமிட்டர் நசுக்கிய பாட்டும் இப்படித் தட்டையான தலைகள் நிறைந்ததுதான். என்கோடர் மேல் அதிர்வெண்களைக் கொஞ்சம் வெட்டினாலும், சற்றே மாற்றி எழுதினாலும், அழுத்திப் பிடித்த கை தளர்ந்து தலை மேலே எழும்பிவிடும். நொடிக்கு அனுப்பும் டேட்டாவின் அளவான பிட்ரேட் குறையக் குறைய என்கோடரின் தோராயம் கூடும், எழும்புவதும் கூடும். அதே பாட்டு ஒருவருக்குச் சுத்தமாகவும், டேட்டா மிச்சம் பிடிக்கும் இன்னொருவருக்குக் கரகரப்பாகவும் கேட்பதற்கு இது ஒரு காரணம்.

ஸ்பாட்டிஃபை ட்ரூ பீக்கை −1 dBTP-க்குக் கீழே வைக்கச் சொல்வது இந்த எழும்பலுக்கு இடம் விடத்தான். பாட்டின் சத்தம் −14 LUFS-ஐவிட அதிகம் என்றால் −2 dBTP என்றும் சொல்கிறது. LUFS என்பது பாட்டு முழுவதும் காதுக்கு எவ்வளவு சத்தமாகப் படுகிறது என்பதற்கான சராசரி. இந்த இரண்டாவது அறிவுரையைப் பலர் தற்செயலான எண் என்று கடந்துவிடுகிறார்கள். மேலே பார்த்த சதுர அலைதான் அதற்கு விளக்கம்: அதிகம் நசுக்கினால் தலைகள் அதிகம் தட்டையாகும், என்கோடரில் அதிகம் எழும்பும்.

இனி லிமிட்டருக்கு வருவோம். அதில் ட்ரூ பீக் என்றோ ஓவர்சாம்பிளிங் என்றோ ஒரு பொத்தான் இருந்தால் முதலில் அதைப் போடுங்கள். அப்போது லிமிட்டர் சாம்பிள்களுக்கு நடுவே நான்கு மடங்கோ அதற்கு மேலோ புள்ளிகளைக் கணக்கிட்டு, வளைகோட்டின் உயரத்தைப் பார்த்து அடக்கும். இதுவும் நூறு சதவீதம் துல்லியம் இல்லை. நான்கு மடங்கு அளவீடு, மிக உயர்ந்த அதிர்வெண்களில் அதிகபட்சமாக 0.7 டெசிபெல் வரை குறைத்துக் காட்டக்கூடும். ஆகவே சீலிங்கை −0.3-ல் வைத்து, ட்ரூ பீக் பொத்தான் காப்பாற்றும் என்று இருப்பது சரியில்லை. அந்தப் பொத்தான் வளைகோட்டைப் பார்க்கும். அடுத்து என்கோடர் என்ன செய்யும் என்பது அதற்குத் தெரியாது.

லுக்அஹெட் என்பது ஒலியைச் சில மில்லிசெகண்ட் தாமதப்படுத்தி, வரப்போகும் உச்சத்தை முன்கூட்டிப் பார்ப்பது. லிமிட்டர் தரும் அளவே பெரும்பாலும் போதும். அழுத்திய பிறகு லிமிட்டர் விட எடுத்துக்கொள்ளும் நேரமான ரிலீஸில்தான் கவனம் வேண்டும். 50 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட் ஆகும். ரிலீஸ் 5 மில்லிசெகண்டில் இருந்தால், அந்த ஒரு சுற்றுக்குள்ளேயே லிமிட்டர் அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தும். அலையின் வடிவமே மாறிப் பேஸில் உறுமல் கேட்கும். இந்த உறுமலை ட்ரூ பீக் பிரச்சினை என்று நினைத்துச் சீலிங்கைக் குறைத்துக்கொண்டே போகிறவர்கள் உண்டு. அதனால் பலன் இல்லை. எக்ஸ்போர்ட் செய்த வேவ் ஃபைலிலேயே கரகரப்பு கேட்டால் ரிலீஸையும், லிமிட்டருக்குள் தள்ளும் அளவையும் பாருங்கள். வேவில் சுத்தமாக இருந்து, சுருக்கிய பிறகு மட்டும் கேட்டால்தான் சந்தேகம் சீலிங் மேல் போக வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குரல், கிட்டார், பேஸ், ட்ரம்ஸ் கொண்ட ஒரு மிக்ஸ் −20 LUFS-ல் இருக்கிறது, அதன் ட்ரூ பீக் −5 dBTP என்று வைத்துக்கொள்வோம். லிமிட்டரில் 6 டெசிபெல் ஏற்றினால் சத்தம் −14-க்கு வரும், உச்சங்கள் +1-க்குப் போகப் பார்க்கும். சீலிங் −1-ல் இருப்பதால், மிகப் பெரிய அடிகளில் மட்டும் லிமிட்டர் 2 டெசிபெல் குறைக்கும். காதுக்கு அது தெரியவே தெரியாது.

இதையே 11 டெசிபெல் ஏற்றினால் உச்சங்கள் +6-க்குப் போகப் பார்க்கும். சீலிங்கை −2-ல் வைத்தால் 8 டெசிபெல் அழுத்த வேண்டிவரும். அழுத்தியதில் கொஞ்சம் சத்தமும் போய், பாட்டு −9.5 LUFS-ல் நிற்கிறது என்போம். எல்லாப் பாட்டும் ஒரே சத்தத்தில் கேட்கும்படி, ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் அதை −14-க்கு, அதாவது 4.5 டெசிபெல் கீழே இறக்கிவிடும். அப்போது உச்சங்களும் சேர்ந்து −6.5-க்கு இறங்கும். கேட்பவர் காதில் இரண்டு பதிப்பும் ஒரே சத்தம்தான். ஆனால் முதல் பதிப்பில் ஸ்னேர் அடி −1 வரை எழுகிறது, இரண்டாவதில் −6.5-லேயே முட்டி நிற்கிறது. சத்தத்தைக் கூட்ட நினைத்து அடியின் உயிரைத்தான் எடுத்திருக்கிறோம்.

அதற்காக −14 எல்லாப் பாட்டுக்கும் இலக்கு என்று நான் சொல்ல மாட்டேன். ஆப்பிள் மியூசிக்கில் இதே வேலையைச் செய்யும் சவுண்ட் செக் −16 LUFS-ஐ ஒட்டி வேலை செய்கிறது. கேட்பவர் சத்தத்தைச் சமப்படுத்தும் இந்த வசதியை அணைத்தும் வைக்கலாம். கனமான ராக் பாட்டுக்கு −10-ன் நெரிசல்தான் அழகு என்றால் அப்படியே இருக்கட்டும், சீலிங்கை மட்டும் −2-க்கு இறக்கிவிடுங்கள். தளம் எப்படியும் சத்தத்தைக் குறைக்கும், உச்சம் 0-ஐத் தாண்டாது என்று நம்பி விடக் கூடாது. அந்த வசதியை அணைத்தவர் காதில் அது வெட்டுப்பட்டே கேட்கும்.

ஊகிப்பதைவிடச் சோதிப்பது சுலபம். இலவசமாகக் கிடைக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் இருந்தால், பாட்டை நாமே சுருக்கி, சுருக்கியதை அளந்துவிடலாம்:

```
ffmpeg -i song.wav -c:a libvorbis -b:a 96k song.ogg
ffmpeg -i song.ogg -af ebur128=peak=true -f null -
```

கடைசியில் வரும் தொகுப்பில் `I:` என்ற வரி சத்தத்தையும், `Peak:` என்ற வரி ட்ரூ பீக்கையும் காட்டும். 96 வைத்ததற்குக் காரணம், குறைந்த பிட்ரேட்டில்தான் எழும்பல் அதிகம் தெரியும். வேவில் −1.0 இருந்து இங்கே −0.2 என்று வந்தால் கவலை இல்லை. +0.6 என்று வந்தால் சீலிங்கை ஒரு டெசிபெல் இறக்கலாம். நான் முதலில் லிமிட்டருக்குள் தள்ளும் அளவைத்தான் ஒன்றிரண்டு டெசிபெல் குறைப்பேன், ஏனென்றால் எழும்புவதன் வேர் அங்கே இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: சுருக்கிய ஃபைலை 16 பிட் வேவாக மாற்றி, பிறகு அளக்காதீர்கள். மாற்றும்போதே 0-ஐத் தாண்டியது வெட்டுப்பட்டுவிடும், எவ்வளவு தாண்டியது என்று தெரியாமலே போய்விடும்.

அப்புறம், எக்ஸ்போர்ட் ஜன்னலில் இருக்கும் சாம்பிள் ரேட் பெட்டி. 48,000-ல் பதிவுசெய்த பாட்டை அங்கே 44,100 என்று மாற்றினால், அந்த மாற்றம் லிமிட்டருக்குப் பிறகு நடக்கும். புள்ளிகள் எல்லாம் புது இடங்களில் விழும், கூடவே ஒரு ஃபில்டரும் வேலை செய்யும். லிமிட்டர் கட்டிக்கொடுத்த உச்சம் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. பதிவுசெய்த ரேட்டிலேயே 24 பிட் வேவாக எடுத்துவிடுவது நல்லது. 44,100 கட்டாயம் என்றால், லிமிட்டர் இல்லாத மிக்ஸை 32 பிட் ஃப்ளோட்டில் எடுத்து, ரேட்டை மாற்றிய பிறகு லிமிட்டரைப் போடுங்கள். 16 பிட்டுக்கு இறக்கும்போது சேர்க்கும் டிதர் மட்டும் லிமிட்டருக்குப் பின் வரலாம். அது −90 டெசிபெலை ஒட்டிய இரைச்சல், உச்சத்தை அசைக்காது.