சிலேட்டு நிற மச்சம்: பிறந்த குழந்தையின் முதுகில் தெரியும் நீலத் தடம்

மண்டபம் பக்கம் ஒரு வீட்டில் பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டக் குப்புறப் போடும்போது, இடுப்புக்குக் கீழே நீலம் பாரித்த தடம் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பத்தாவுக்கு உடனே சந்தேகம், ஆஸ்பத்திரியில் யாரோ கீழே போட்டிருக்கிறார்கள், ரத்தம் கட்டியிருக்கிறது என்று. பெரும்பாலும் அது அடியே இல்லை.

டாக்டர்கள் இதற்கு நெடுங்காலம் சொல்லிவந்த பேர் மங்கோலியன் ஸ்பாட். ஜப்பானில் வேலை பார்த்த எர்வின் பெல்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் 1885-இல் இட்ட பெயர். மங்கோலிய இனத்தாரின் அடையாளம் என்று அவர் நினைத்தார், அது சரியில்லை; நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கும் இது சர்வசாதாரணம். அதனால் இப்போது பிறவித் தோல்நிறமித் தடம் என்ற பொருளில் 'கன்ஜெனிட்டல் டெர்மல் மெலனோசைட்டோசிஸ்' என்று எழுதுகிறார்கள். பேச்சுக்கு 'சிலேட்டு நிற மச்சம்' போதும், கேட்டதுமே நிறம் புரிந்துவிடும்.

கருவில் நிறமிச் செல்கள் முதுகுத்தண்டு உருவாகும் பகுதியிலிருந்து கிளம்பித் தோலின் மேலடுக்குக்குப் போக வேண்டும். சில செல்கள் போய்ச் சேராமல் உள்ளடுக்கிலேயே தங்கிவிடுகின்றன. அவற்றில் இருக்கும் நிறமி என்னவோ கருப்பு, பழுப்புதான். ஆனால் ஆழத்தில் கிடப்பதால் வெளியிலிருந்து பார்க்கும்போது நீலமாகத் தெரிகிறது, கரிய மையில் பச்சை குத்தினாலும் தோலுக்குள் பச்சையாகவும் நீலமாகவும் தெரிகிறதே, அதே கணக்கு.

ரத்தக்கட்டு என்றால் தொட்டால் பிள்ளை அழும், வீங்கியிருக்கலாம், சில நாளில் பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும். மச்சம் தட்டையாக இருக்கும், வலிக்காது, வாரக்கணக்கில் அப்படியே கிடந்து பெரும்பாலும் சில வருஷத்தில் தானே மங்கும்.

அதனால்தான் பிறந்ததும் எழுதி வைக்கச் சொல்கிறார்கள். "மச்சம் உள்ளது" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. "இடுப்பின் கீழ்ப்பகுதி நடுவில், 5 × 4 செ.மீ., நீலச் சாம்பல், தட்டை, ஓரம் மங்கல், வலி இல்லை, பிறந்தபோதே இருந்தது" என்று தேதியோடு எழுதி, உடல் படத்தில் குறித்து, பெற்றோர் சம்மதித்தால் அளவுகோல் வைத்துப் போட்டோவும் எடுக்க வேண்டும். எத்தனை தடமோ அத்தனைக்கும் தனித்தனி வரி. டிஸ்சார்ஜ் தாளில் இது இல்லையென்றால் நீங்களே கேட்டு எழுதி வாங்குங்கள், ஏனென்றால் ஆறு மாதம் கழித்து வேறு டாக்டர் பார்த்து "யார் அடித்தது?" என்று கேட்டால் தாய் கையில் காட்ட அந்தத் தாள்தான் இருக்கும். அப்புறம் இன்னொன்று, மச்சம் இருக்கிறது என்பதற்காகப் பக்கத்திலேயே புதிதாக வந்த காயத்தைத் தவறவிடக் கூடாது. பழைய பதிவோடு ஒப்பிட்டால் அதுவும் தெரிந்துவிடும்.

முதுகு, புட்டத்தோடு நிற்காமல் நெஞ்சு, வயிறு, கைகால் எல்லாம் பரவலாக இருந்து, மங்காமல் அதிகமாகிக்கொண்டே போனாலோ, பிள்ளையின் வளர்ச்சியும் பின்தங்கினாலோ, குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அரிதாக, ஜிஎம்1 கேங்க்ளியோசிடோசிஸ், ஹர்லர் போன்ற பிறவி நோய்களோடு அப்படி வருவதுண்டு.