விபிஎன் போட்டால் குரல் ஏன் திக்குகிறது?

"விபிஎன் ஆன் செய்தால் கால் பேச முடியவில்லை" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, குரல் எப்படிக் கெடுகிறது என்பதைத்தான். பாதிக் காரணம் அந்தப் பதிலிலேயே இருக்கும்.

அண்மையில் வந்தவர் சொன்னது இது: இணைய அழைப்புச் செயலியில் முதல் நிமிடம் தெளிவாகக் கேட்கும். அப்புறம் மூன்று நான்கு விநாடி மௌனம். பிறகு எதிர்முனைக்காரர் பேசியதெல்லாம் ஒரேயடியாக, வேகமாக வந்து விழும். கொஞ்ச நேரத்தில் அழைப்பே துண்டிக்கப்படும். விபிஎன்னை நிறுத்தினால் எல்லாம் சரி.

குரல் பொதுவாக 20 மில்லி விநாடித் துண்டுகளாக, விநாடிக்கு 50 பாக்கெட் என்று போகும். ஒன்று தொலைந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவதுதான் நல்லது, காதுக்கு அவ்வளவாகத் தெரியாது. பாக்கெட்டுகளை அனுப்பும் முறைகளில் ஒன்றான யுடிபி அப்படித்தான் நடந்துகொள்ளும். இன்னொரு முறையான டிசிபி அப்படி விடாது. தொலைந்த பாக்கெட் மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வருவதையெல்லாம் நிறுத்தி வைக்கும். விபிஎன் டிசிபியில் ஓடினால், உள்ளே போகும் குரலும் அந்த வரிசையில் மாட்டிக்கொள்ளும். மௌனமும் அதைத் தொடர்ந்து மொத்தமாகக் கொட்டுவதும் இதன் அடையாளம். வெறுமனே சிக்னல் மோசமென்றால் வார்த்தைகள் விட்டுப்போகும், இப்படிச் சேர்ந்து வராது.

அவருடைய விபிஎன் செயலியில் புரோட்டோகால் 'தானியங்கி' என்று இருந்தது. அது டிசிபியைத் தேர்ந்திருந்தது. யுடிபிக்கு மாற்றி அரை மணி நேரம் பேசச் சொன்னேன். ஒருமுறைகூட நிற்கவில்லை.

சில வைஃபைகளில் யுடிபியையே அடைத்திருப்பார்கள், யுடிபிக்கு மாற்றிய விபிஎன் அங்கே இணையவே இணையாது. அப்போது அழைப்புச் செயலியை மட்டும் விபிஎன்னுக்கு வெளியே விடலாம். ஆண்ட்ராய்டில் பல விபிஎன் செயலிகளில் இதற்கு Split tunneling என்ற அமைப்பு இருக்கும். ஆனால் போன் அமைப்பில் Block connections without VPN ஆன் ஆகியிருந்தால், வெளியே விட்ட செயலிக்கு இணையமே கிடைக்காது. "மாற்றிய பிறகு இன்னும் மோசம்" என்று திரும்பி வருபவர்களிடம் நான் உடனே பார்ப்பது இதைத்தான். அலுவலக விபிஎன் என்றால் நீங்களாக எதையும் மாற்றாமல் நிர்வாகியிடம் கேளுங்கள்.

செயலி இல்லாமல் சிம் எண்ணிலேயே வைஃபை வழியாகப் பேசும் வைஃபை காலிங் கொஞ்சம் வேறு விஷயம். போனே உங்கள் சிம் நிறுவனத்தின் நுழைவாயிலுக்கு யுடிபி 500, 4500 போர்ட்டுகள் வழியாகத் தனியாக ஒரு சுரங்கம் போடும். பல போன்களில் இது விபிஎன் செயலிக்கு வெளியேதான் போகிறது. ரவுட்டரிலேயே விபிஎன் போட்டிருந்தால் தப்ப வழியில்லை, சுரங்கத்துக்குள் சுரங்கமாகிவிடும். விபிஎன் சர்வர் வேறு நாட்டில் இருந்தால் சில நிறுவனங்கள் இணைப்பையே ஏற்பதில்லை. விபிஎன் போட்ட சில நிமிடங்களில் மேலே உள்ள வைஃபை காலிங் குறி மறைகிறதா என்று பாருங்கள். மறைந்தால், மொபைல் சிக்னல் இல்லாத அறையில் உங்களால் அவசர எண்ணைக்கூட அழைக்க முடியாமல் போகலாம். அங்கே இருக்கும்போது ரவுட்டர் விபிஎன்னிலிருந்து போனை விலக்கி வையுங்கள்.