காலி இடம் என்று எழுதிய வீடு: கிரயப் பத்திரத்தில் மதிப்பைக் குறைத்தால் என்ன ஆகும்?

கோபாலபுரம் சோதனைச் சாவடி தாண்டினால் கேரளா. அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்; இந்தப் பக்கம் பொள்ளாச்சி, ஆனைமலை. இரண்டு பக்கமும் தமிழ் பேசும் குடும்பங்கள், கொள்வினை கொடுப்பினை எல்லாம் கலந்தே நடக்கும். அங்கே இருப்பவர்கள் இங்கே தோப்பும் மனையும் வாங்குவார்கள். பத்திர எழுத்தராக என்னிடம் வருகிறவர்களில் பலர் அப்படித்தான்.

அவர்களுக்குப் பழகிய கணக்கு கேரளக் கணக்கு. அங்கே பத்திரத்தை ஆதாரம் என்பார்கள். வருவாய்க் கோட்ட அதிகாரி நிர்ணயித்த 'நியாய விலை' ஒன்று நிலத்துக்கு இருக்கும். அதற்கும் பத்திரத்தில் எழுதிய விலைக்கும் எது அதிகமோ அதன் மேல் 8 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். இங்கே வந்ததும் "அதே மாதிரிதானுங்க?" என்று கேட்பார்கள். வடிவம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் சதவீதமும் நடைமுறையும் வேறு. நிலம் தமிழ்நாட்டில் இருந்தால் பதிவு இங்கேதான், தீர்வையும் தமிழ்நாட்டு அரசுக்கே. வாங்குபவர் எந்த மாநிலத்தில் குடியிருக்கிறார் என்பதை யாரும் பார்ப்பதில்லை.

இங்கே கிரயப் பத்திரத்துக்கு 7 சதவீதம் கட்ட வேண்டும். அதில் 5 முத்திரைத் தீர்வை, 2 சொத்து மாற்று வரி. பதிவுக் கட்டணம் 2017 ஜூனில் 4 சதவீதமாக இருந்தது. வழிகாட்டி மதிப்பை உயர்த்தியபோது, 2023 ஏப்ரல் முதல் 2 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆக 9 சதவீதம். எதன் மேல் 9 சதவீதம் என்ற கேள்வியில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது.

சட்டம் தீர்வை கேட்பது சொத்தின் சந்தை மதிப்பின் மேல். வழிகாட்டி மதிப்பு என்பது அந்தச் சந்தை மதிப்பை ஊகிக்க அரசு தரும் ஒரு அளவுகோல். தெரு வாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் tnreginet.gov.in தளத்தில் பார்க்கலாம். வழிகாட்டி மதிப்புக்குக் கீழே எழுதினால் பதிவாளர் கேள்வி கேட்பார், அதற்குச் சமமாக எழுதினால் பெரும்பாலும் கேட்க மாட்டார். இந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு மக்கள் அதையே சட்டம் என்று நினைத்துவிட்டார்கள். உண்மையில் கொடுத்த விலை வழிகாட்டி மதிப்பைவிட அதிகமாக இருந்தால், அந்த விலையைத்தான் பத்திரத்தில் எழுத வேண்டும். இந்திய முத்திரைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, தீர்வையைப் பாதிக்கும் எல்லா விவரங்களையும் முழுமையாகவும் உண்மையாகவும் பத்திரத்தில் காட்டச் சொல்கிறது. ஏமாற்றும் நோக்கத்தோடு மறைத்தால் 64ஆம் பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. 5,000 ரூபாய்தானே என்று தோன்றும். நான் சொல்லப்போகும் செலவில் அதுதான் சின்னது.

சித்தூர் தாலுகாவில் இருந்து ஒரு பெரியவரும் அவர் மருமகனும் வந்தார்கள். ஆனைமலைப் பக்கம் எல்லையோர ஊர் ஒன்றில் 10 சென்ட் மனை, அதில் ஒரு வீடு. பேசிய விலை 40 லட்சம். பத்திரத்தை வேறோர் இடத்தில் எழுதிப் பதிவு செய்திருந்தார்கள், சிக்கல் வந்த பிறகுதான் என்னிடம் வந்தார்கள். அவர்களிடம் இருந்த காகிதங்களை வைத்துப் போட்ட கணக்கு இது.

10 சென்ட் என்றால் 4,356 சதுர அடி. அந்தத் தெருவின் வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 400 ரூபாய். நிலம் மட்டும் 17,42,400 ரூபாய். அதை 17,50,000 என்று முழுதாக்கி, சொத்து விவரத்தில் வீட்டையே விட்டுவிட்டு, காலி மனை என்று எழுதிவிட்டார்கள். கட்டியது 7 சதவீதம் 1,22,500, பதிவுக்கு 35,000, மொத்தம் 1,57,500 ரூபாய். நாற்பது லட்சத்தை அப்படியே எழுதியிருந்தால் 3,60,000 ஆகியிருக்கும். "ரெண்டு லட்சம் மிச்சம்னு சொன்னாங்க, நாங்களும் நம்பிட்டோம்" என்றார் பெரியவர்.

காலி மனையா வீடா என்பதைக் கண்டுபிடிப்பது பதிவாளருக்குக் கடினமே இல்லை. விற்றவரின் முன்பத்திரத்திலேயே ஓட்டு வீடு என்று இருந்தது. வில்லங்கச் சான்றிலும் அது தெரியும். முன்பத்திரத்தில் இருந்த கட்டடம் புதுப்பத்திரத்தில் காணாமல் போனால், இடித்தார்களா என்ற கேள்வி முதலில் வரும். அதற்குப் பிறகு கள ஆய்வு. போய்ப் பார்த்தால் வீடு நிற்கிறது, மின் இணைப்பும் வீட்டு வரி ரசீதும் இருக்கின்றன. கட்டடத்துக்கு எத்தனை சதுர அடி, ஓடா கான்கிரீட்டா, எத்தனை வருடம் பழையது என்று பார்த்து, பொதுப்பணித் துறை விலையில் தேய்மானம் கழித்து மதிப்பு போடுவார்கள். இங்கே அது 9 லட்சம் ஆனது. நிலமும் வீடுமாக 26,42,400. எழுதியதற்கும் இதற்கும் வித்தியாசம் 8,92,400. அதன் மேல் தீர்வை 62,468, பதிவுக் கட்டணம் 17,848. இரண்டும் சேர்த்து 80,316 ரூபாய் கட்டிவிட்டுப் பத்திரத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னார் சார்பதிவாளர்.

அந்த இடத்தில் கட்டியிருந்தால் பதிவு அலுவலகத்தோடு விஷயம் முடிந்திருக்கும். மருமகன் ஒத்துக்கொள்ளவில்லை. "மண்ணுக்குத்தானுங்க வெலை பேசினோம், வீடு இடிக்கற மாதிரி இருக்குது" என்று வாதாடினார். பதிவாளர் ஆவணத்தை 47-ஏ பிரிவின்படி தனித்துணை ஆட்சியருக்கு, அதாவது முத்திரைப் பிரிவு அதிகாரிக்கு அனுப்பிவிட்டார்.

47-ஏ என்றால் பயந்து நடுங்குகிறவர்கள் உண்டு, பத்து மடங்கு அபராதம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பத்து மடங்கு என்பது போதிய முத்திரை இல்லாத பத்திரத்தைச் சாட்சியமாக ஏற்பது, கைப்பற்றுவது சம்பந்தப்பட்ட 35, 40ஆம் பிரிவுகளில் வருவது. மதிப்புக் குறைவு வழக்கு வேறு. அங்கே அதிகாரி உண்மையான சந்தை மதிப்பை நிர்ணயிப்பார், குறைவாகக் கட்டிய தீர்வையை வாங்குவார், வட்டியும் சேரும். அதனால் அது லேசானது என்று அர்த்தமில்லை. பதிவாளர் வழிகாட்டி மதிப்போடு நிறுத்தியிருந்தார். இந்த அதிகாரி அப்படி நிறுத்த வேண்டியதில்லை, அக்கம்பக்கத்தில் பதிவான பத்திரங்களையும் இடத்தையும் பார்ப்பார்.

முதலில் படிவம் 1 என்ற அறிவிப்பு வரும். கிடைத்த 21 நாளுக்குள் நம் பக்கத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இங்கேதான் இடி விழுகிறது. பத்திரத்தில் பழைய முகவரி, தபால் வேறு எங்கோ போய்விடும், பதில் சொல்ல ஆளில்லாமல் உத்தரவு ஆகிவிடும். இவர்களுக்கும் அதே கதி. அதிகாரி 34 லட்சம் என்று நிர்ணயித்தார். குறைவு 16,50,000. தீர்வை 1,15,500, பதிவுக் கட்டணம் 33,000. 80,316 ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது 1,48,500 ரூபாயும் வட்டியுமாக வந்து நின்றது. உத்தரவிலிருந்து இரண்டு மாதத்துக்குள் பதிவுத் துறைத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். ஆனால் வீடு இருந்ததை மறைத்த பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன வாதாடுவது?

பதிவாளர் கவனிக்காமல் விட்டுவிட்டால் தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். பதிவான நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் அதிகாரி தானாகவே எடுத்து விசாரிக்கலாம்.

இதுவரை பார்த்தது முத்திரை மட்டும். என்னிடம் வந்த நாளில் அவர்களுக்கே தெரியாத ஒன்று இருந்தது, வருமான வரி. தீர்வைக்காக நிர்ணயமான மதிப்புக்கும் பத்திர விலைக்கும் உள்ள வித்தியாசம் 50,000 ரூபாயைத் தாண்டி, விலையில் 10 சதவீதத்தையும் தாண்டினால், முழு வித்தியாசமும் வாங்கியவரின் வருமானமாகச் சேரும். இவருக்கு அது 16,50,000 ரூபாய். 20 சதவீத அடுக்கில் வைத்துப் பார்த்தாலே 3,30,000 வரி. விற்றவருக்கும் மூலதன ஆதாயம் 34 லட்சத்தில் கணக்காகும். பத்திரத்தில் வராத 22,50,000 ரூபாயை அவர் ரொக்கமாக வாங்கியிருந்தார். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்கினால், வாங்கிய அதே தொகையை அபராதமாகப் போட வருமான வரித் துறைக்கு அதிகாரம் உண்டு.

கூட்டிப் பாருங்கள். முதலில் கட்டியது 1,57,500, பிறகு 1,48,500, மொத்தம் 3,06,000. நேர்மையாக எழுதியிருந்தால் 3,60,000. மிச்சம் 54,000, அதிலும் வட்டி தின்றது போகத்தான். அந்த 54,000 ரூபாய்க்காக 3,30,000 ரூபாய் வரியைத் தலைமேல் தொங்கவிட்டுக்கொண்டார்கள். வங்கியும் பத்திரத்தில் உள்ள விலையைப் பார்த்துத்தான் கடன் பேசியது. அன்றைக்கு அந்தப் பெரியவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆயுள் முழுக்கச் சேர்த்த பணம்.

எதிர்ப் பக்கமும் சொல்ல வேண்டும். சில இடங்களில் வழிகாட்டி மதிப்பு உண்மை விலையைவிட அதிகமாக இருக்கும். தெருவுக்கு ஒரே மதிப்பு போட்டிருப்பார்கள், நம் மனைக்கு வண்டிப் பாதை இருக்காது, மழையில் தண்ணீர் நிற்கும். அப்போது பொய்யாகக் கூட்டி எழுதுவதும் தேவையில்லை. வழிகாட்டி மதிப்புப் பதிவேடு மட்டுமே சந்தை மதிப்பை முடிவு செய்யாது என்று உச்ச நீதிமன்றம் 1994இல், அன்றைக்கு ஆந்திராவில் இருந்த அதிலாபாத்தில் இருந்து போன வழக்கில் சொல்லிவிட்டது. கொடுத்த விலையை அப்படியே எழுதி, 47-ஏக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். பாதை இல்லாததைக் காட்டும் புல வரைபடம், இடத்தின் படங்கள், பக்கத்து மனை சமீபத்தில் விற்ற பத்திர நகல், பணம் வங்கி வழியாகப் போனதற்கான கணக்கு, இவற்றோடு 21 நாளுக்குள் பதில் கொடுத்தால் அதிகாரி குறைக்கவும் செய்கிறார். நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது எல்லைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து யார் வந்தாலும், வரைவு எழுதும் முன்பு மூன்றைக் கேட்டு வாங்கிவிடுகிறேன்: முன்பத்திரம், வீட்டு வரி ரசீது, தபால் நிச்சயம் போய்ச் சேரும் முகவரி. அந்தப் பெரியவரின் பேத்திக்குக் கோபாலபுரம் பக்கம் மனை வாங்கப் போன மாதம் வந்தார்கள். மருமகன்தான் முதலில் சொன்னார், "பேசின வெலையவே எழுதிருங்கண்ணா."