சப்போர்ட் செலவை இரண்டு முறை குறைத்துவிடாதீர்கள்

சந்தா முறையில் மென்பொருள் விற்கிறவர்களின் கணக்குத் தாள்களைப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. என்னிடம் வரும் தாள்களில் ஒரு பிழை அடிக்கடி கண்ணில் படுகிறது. பார்க்கச் சின்னதாக இருந்தாலும், நஷ்டத்தில் முடியப்போகும் ஒரு தயாரிப்பை லாபமாகக் காட்டிவிடும் பிழை அது.

அண்மையில் ஒரு நிறுவனர் தன் இரண்டாவது தயாரிப்புக்கான கணக்கோடு வந்தார். உருவாக்கச் செலவு 5,75,000, முழுவதும் தொடக்கத்திலேயே போய்விடும். முதல் மாதம் 1,000 வாடிக்கையாளர்கள், அதற்குப் பிறகு புதியவர்கள் இல்லை. மாதச் சந்தா 50. மாதம் 5% பேர் விலகுவார்கள். பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடும் தள்ளுபடி விகிதம் மாதம் 1%. ஒரு வாடிக்கையாளருக்கான சப்போர்ட் செலவு 20-இல் தொடங்கி மாதம் 5% குறையும் என்று போட்டிருந்தார். வரவு செலவு எல்லாவற்றையும் இன்றைய மதிப்புக்கு மாற்றிக் கழித்தால் மிஞ்சும் நிகர நிகழ்கால மதிப்பு சுமார் 72,300 என வந்தது. லாபம்தான், தொடங்கலாம் என்ற முடிவோடுதான் வந்திருந்தார்.

"இந்த 5% குறைவு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன்.

"என் முதல் தயாரிப்பின் கணக்குப் புத்தகத்திலிருந்துதான் சார். முதல் மாத பில் 20,000. 13-ஆம் மாதம் 10,800. மாதத்துக்கு 5% வீதம் இறங்கியிருக்கிறது."

சரி, அந்த 13-ஆம் மாதம் எத்தனை வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்? முதல் தயாரிப்பும் 1,000 பேரோடு தொடங்கியதுதான், விலகலும் அதே 5%தான். பன்னிரண்டு மாதம் கழித்து மிச்சம் 540 பேர். 10,800-ஐ 540-ஆல் வகுத்தால் 20. ஒரு வாடிக்கையாளருக்கான செலவு ஒரு பைசாகூட இறங்கவில்லை. ஆட்கள் போனதால்தான் பில் குறைந்தது.

அவருடைய தாளில் வாடிக்கையாளர் எண்ணிக்கை ஏற்கெனவே மாதம் 5% குறைந்துகொண்டு வந்தது. அதன் மேல் ஆளுக்கான செலவையும் 5% குறைத்ததால், ஒரே விலகல் இரண்டு முறை கணக்கில் ஏறிவிட்டது. அவர் தாளின்படி 13-ஆம் மாத சப்போர்ட் செலவு 5,840 மட்டுமே. புத்தகத்தில் இருந்தது 10,800. உங்கள் தாளிலும் இப்படி ஒரு மாதத்தை எடுத்துப் பழைய பில்லோடு ஒப்பிட்டால் பிழை வெளியே வந்துவிடும்.

திருத்திய கணக்கு எளிது. மாதக் கடைசியில் பணம் வருவதாக வைத்துக்கொள்வோம். தொகை மாறாமல் வந்துகொண்டிருந்தால், அதைத் தள்ளுபடி விகிதமும் விலகல் விகிதமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் போதும். சந்தாவில் சப்போர்ட் போக மிச்சம் 30. அதை 0.01 + 0.05, அதாவது 0.06-ஆல் வகுத்தால், ஒரு வாடிக்கையாளரின் இன்றைய மதிப்பு 500. ஆயிரம் பேருக்கு 5,00,000. உருவாக்கச் செலவைக் கழித்தால் 75,000 நஷ்டம்.

உண்மையான குறைவு வரவே வராது என்று சொல்லவில்லை. உதவிப் பக்கங்கள் நன்றாக அமைந்தால், திரும்பத் திரும்ப வரும் பிழைகளைச் சரிசெய்தால், ஆளுக்கு வரும் கேள்விகள் குறையத்தான் செய்யும். இந்தத் தயாரிப்பு முதலுக்காவது மோசமில்லாமல் தேற வேண்டுமென்றால், ஆளுக்கான சப்போர்ட் செலவு மாதம் சுமார் 1.8% நிஜமாகவே இறங்கிக்கொண்டே போக வேண்டும். எந்த வேலை அதைச் சாதிக்கும் என்று பெயர் சொல்ல முடிந்தால் மட்டும் அந்த எண்ணைத் தாளில் போடுங்கள்.

அவரிடம் அப்புறம் காட்டியது விலகல் விகிதத்தை. 5% என்பதை 4% ஆக்கினால் வகுக்கும் எண் 0.05 ஆகிறது, ஒருவரின் மதிப்பு 600 ஆகிறது, 75,000 நஷ்டம் 25,000 லாபமாக மாறுகிறது. ஒரே ஒரு சதவீதப் புள்ளிக்கு ஒரு லட்சம் வித்தியாசம்! அதனால் புதிய தயாரிப்பைத் தள்ளிவைத்துவிட்டு, முதல் தயாரிப்பிலிருந்து விலகியவர்களின் பட்டியலை எடுத்து, எந்த மாதத்தில் அதிகம் பேர் போனார்கள் என்று முதலில் பார்க்கச் சொன்னேன்.

இன்னொன்றும் உண்டு. இவர் சப்போர்ட்டை வெளியாட்களிடம் கொடுத்து, கேள்விக்கு இவ்வளவு என்று பணம் தந்தார். அதனால்தான் வாடிக்கையாளர்கள் குறையக் குறைய பில்லும் இறங்கியது. மாதச் சம்பளத்தில் ஆளுக்கு 10,000 வீதம் இரண்டு பேரை வைத்திருந்தால் கதையே வேறு. வாடிக்கையாளர்கள் 540 ஆனபோது ஒருவரால் சமாளிக்க முடியாது, இருவரும் இருந்தாக வேண்டும். பில் 20,000-லேயே நிற்கும். ஒரு வாடிக்கையாளருக்கு 20 என்றிருந்த செலவு 37 ஆகிவிடும். அப்படிப்பட்ட நிறுவனத்தில் 0.06-ஆல் வகுக்கும் குறுக்குவழி செல்லாது. மாதா மாதம் எத்தனை பேர் சம்பளத்தில் இருப்பார்கள் என்று தனி வரிசை போட்டுத்தான் கணக்கிட வேண்டும்.