மொய்ப் பணத்தை வங்கியில் போடுமுன்: பான் எதற்கு, பணத்துக்குக் கணக்கு சொல்வது எப்படி

கல்யாணம் முடிந்து மறுநாள் மஞ்சள் பையில் பணத்தோடு வங்கிக்குப் போனால் காசாளர் முதலில் கேட்பது பான் எண். சிலர் அதற்கே பயந்து பணத்தோடு திரும்பிவிடுகிறார்கள். சிலர் நாற்பத்தொன்பதாயிரமாகப் பிரித்து தினமும் ஒருமுறை நடக்கிறார்கள். அந்த இரண்டாவது வழிதான் பிறகு அதிகம் சிக்கலாகிறது.

விதி சின்னது. 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில் 114பி என்ற விதி, ஒரே நாளில் ஒரு வங்கியில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் போட்டால் பான் சொல்ல வேண்டும் என்கிறது. எல்லாக் கணக்கையும் சேர்த்து ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தொட்டால், தினத் தொகை எவ்வளவு சிறிதானாலும், பானோ ஆதாரோ தேவை என்று 2022இல் இன்னொரு விதி சேர்ந்தது. இங்கே நான் சொல்லும் எண்களும் படிவங்களும் எல்லாம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதாவது 2026 மார்ச் 31 வரை போட்ட பணத்துக்கு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். அதன் பிறகு போடுகிற பணத்துக்கு அன்றைய வரம்பையும் படிவத்தையும் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கு சொல்ல வேண்டிய கடமை எந்தச் சட்டத்திலும் அப்படியேதான் இருக்கும்.

பான் கொடுத்தால் வரி வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். பான் ஒரு முகவரி மாதிரிதான். அதை வைத்துத்தான் உங்கள் பெயரில் ஒரு தாள் போகிறது. நடப்புக் கணக்கு, வைப்புநிதி தவிர்த்த கணக்குகளில் ஒரு நிதியாண்டில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் விழுந்தால், வங்கி அதை வருமான வரித் துறைக்கு மே 31க்குள் அனுப்பியாக வேண்டும். நாற்பத்தொன்பதாயிரமாகப் பிரித்தவர் இங்கேதான் மாட்டுகிறார். இருபத்தொரு தடவை போட்டாலும் ஆண்டுக் கூட்டல் ஒன்றுதான், 10,29,000. போதாததற்கு, வரம்புக்குக் கீழேயே சுற்றிச்சுற்றி வரும் பணத்தைச் சந்தேகப் பரிவர்த்தனையாக அனுப்பும் கடமையும் வங்கிக்கு உண்டு. அதற்குத் தொகை வரம்பே கிடையாது, உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள்.

பான் இல்லாதவருக்குப் படிவம் 60 இருக்கிறது. “அதெல்லாம் இப்போ வாங்குறதில்ல” என்று கவுண்டரில் சொன்னால் நம்ப வேண்டாம், விதியிலேயே உள்ள படிவம் அது. ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. விவசாய வருமானம் எவ்வளவு, மற்ற வருமானம் எவ்வளவு என்று இரண்டு கட்டங்கள். கூட்டம் சேர்ந்துவிட்டால் ஊழியர் ஏதோ ஒரு தொகையை எழுதி “கையெழுத்துப் போடுங்க” என்பார். கையெழுத்து உங்களுடையது, பொய்க்குத் தண்டனையும் உங்களுக்குத்தான். கட்டங்களை நீங்களே நிரப்பி, கொடுக்குமுன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயம் அல்லாத வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் படிவம் 60 செல்லாது. பான் வாங்கியே ஆக வேண்டும்.

இனி மொய்க்கு வருவோம். “கல்யாண மொய்க்கு வரி இல்லை” என்று ஊரே சொல்கிறது. பாதி உண்மை. சட்டம் விலக்கு தருவது, யாருக்குக் கல்யாணமோ அவர் பெறும் பரிசுக்கு. பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ யார் எவ்வளவு கொடுத்தாலும் விலக்கு உண்டு. அதே மொய் அப்பாவின் சேமிப்புக் கணக்கில் விழுந்தால் அந்த விலக்கு பொருந்தாது, ஏனென்றால் கல்யாணம் அவருக்கு இல்லை. அப்போது அவருக்கு மிஞ்சுவது இன்னொரு விலக்குதான். உறவினர் கொடுத்ததற்கு வரி இல்லை. உறவினர் அல்லாதவர் கொடுத்தது ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானம்.

உறவினர் என்பதிலும் ஊர்க் கணக்கு வேறு, சட்டத்தின் கணக்கு வேறு. கணவன் அல்லது மனைவி, கூடப்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவியின் கூடப்பிறந்தவர்கள், பெற்றோரின் கூடப்பிறந்தவர்கள், உங்களுக்கும் உங்கள் கணவன் அல்லது மனைவிக்கும் பெற்றோர், தாத்தா பாட்டி என்ற நேர்வழி மேலோரும் பிள்ளை பேரன்களும், இவர்களுடைய கணவன் மனைவியர். அவ்வளவுதான். மச்சான் உண்டு, சகலை உண்டு, சித்தப்பா, மாமா, அத்தை உண்டு. பெரியப்பா மகன் இல்லை. சம்பந்தி இல்லை. தாய்மாமன் உங்களுக்குக் கொடுத்தால் விலக்கு. நீங்கள் தாய்மாமனுக்குக் கொடுத்தால் அவருக்கு விலக்கு இல்லை. ஒருவழிப் பாதை போல.

காதுகுத்து, பூப்புனித நீராட்டு, புதுமனை புகுவிழா, ஆடியில் வைக்கும் மொய்விருந்து எதுவும் கல்யாணம் அல்ல. அங்கே உறவினர் விலக்கு மட்டும்தான். “நான் வைத்த மொய்தானே திரும்பி வருது, அது கடன் திரும்புற மாதிரி” என்று சொல்லத் தோன்றும். நியாயமான பேச்சுதான். ஆனால் கடன் என்று எழுதிக் கொடுத்தால் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக்கூடாது என்ற இன்னொரு பிரிவு வந்து நிற்கும். அதற்கு அபராதம் வாங்கிய தொகைக்குச் சமம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மகள் கல்யாணம் 2025இல் நடந்தது. அப்பாவுக்கு மஞ்சள் சாகுபடி தவிர வேறு வருமானம் இல்லை. மொய் 7,38,500 ரூபாய். கல்யாணச் செலவுக்கென்று தன் கணக்கிலிருந்து எடுத்ததில் மிச்சம் 1,15,000. மஞ்சள் விற்ற ரொக்கம் 1,80,000. மூன்றையும் தன் சேமிப்புக் கணக்கிலேயே போட்டார். மொத்தம் 10,33,500, எனவே தகவல் போய்விட்டது. தானே எடுத்த பணத்தைத் திரும்பப் போட்டாலும் அது கூட்டலில் சேரும், கழிக்க மாட்டார்கள்.

மிச்சப் பணத்துக்கு பாஸ்புக்கே சாட்சி. எடுத்த தேதியும் போட்ட தேதியும் பக்கத்தில் இருந்தால் கேள்வி நிற்காது. எட்டு மாதம் கழித்துப் போட்டால் “இடையில் எங்கே இருந்தது?” என்பார்கள். மஞ்சளுக்குச் சிட்டா, அந்த ஆண்டு அடங்கல், விற்பனைக்கூடத்துச் சீட்டு அல்லது மண்டிக்காரர் பில். அடங்கலில் மஞ்சள் என்று இருக்கிறதா பாருங்கள். தரிசு என்று பதிவாகியிருந்தால் பில் இருந்தும் பயனில்லை, கிராம நிர்வாக அலுவலரிடம் அந்தப் பருவத்திலேயே திருத்த வேண்டும். இரண்டு வருடம் கழித்துப் போனால் அலையத்தான் வேண்டும்.

மொய்யில் சட்டப்படி உறவினர் கொடுத்தது 3,10,000, மற்றவர்கள் 4,28,500. இந்த 4,28,500 ரூபாயை அப்பா ‘பிற வருமானம்’ என்று காட்டி ரிட்டர்ன் போட்டால், 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் தள்ளுபடியோடு கட்ட வேண்டிய வரி பூஜ்யம். மொய் நோட்டு இல்லை, எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியவில்லை என்றால் அதே தொகை விளக்கப்படாத பணம். அதற்கு 60 சதவீத வரி, அந்த வரியின்மேல் 25 சதவீதக் கூடுதல் வரி, இரண்டும் சேர்ந்ததன்மேல் 4 சதவீத செஸ், ஆக மொத்தம் 78 சதவீதம். அடிப்படை விலக்கு கிடையாது. 4,28,500க்கு 3,34,230 ரூபாய். ஒரு நோட்டுப் புத்தகம் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் இது.

இதைவிட நேரான வழி, மொய்யை முதலிலேயே மகள் கணக்கில் போடுவது. வரிக்குப் பயந்து செய்யும் தந்திரம் அல்ல இது, அவளுக்கு வந்த பணம் அவளிடம் போகிறது. ஏற்கெனவே அப்பா கணக்கில் விழுந்துவிட்டால் காலம் தாழ்த்தாமல் வங்கி வழியாக அவளுக்கு மாற்றி, மகளுக்காக வாங்கியது என்று விளக்கம் எழுதலாம். அந்தப் பணத்தில் மண்டபத்துக்கும் சமையலுக்கும் பாக்கி தீர்த்துவிட்டு “மகள் பணம்” என்று சொன்னால் அதிகாரி ஏற்பது கடினம்.

மொய் நோட்டில் வழக்கமாக ஊர், பெயர், தொகை இருக்கும். உறவுமுறைக்கும் போன் எண்ணுக்கும் இரண்டு கட்டம் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் மொய் என்றால் அச்செடுத்த பட்டியலை வாங்கிவையுங்கள், ரசீது எண்ணோடு இருப்பதால் இன்னும் நல்லது. பத்திரிகை, மண்டப ரசீதோடு சேர்த்துக் கட்டிவையுங்கள். பழைய தேதியில் புதிதாக எழுதிய நோட்டு ஒரே பேனா, ஒரே கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் பளிச்சென்று இருக்கும். பார்த்த உடனே தெரிந்துவிடும். ஒருவரே 2 லட்சமோ அதற்கு மேலோ மொய் வைப்பதாக இருந்தால் ரொக்கமாக வாங்காதீர்கள், கூடப்பிறந்தவராக இருந்தாலும் சரி. ஒரே நிகழ்ச்சிக்கு ஒரே ஆளிடம் அவ்வளவு ரொக்கம் வாங்கினால் வாங்கியவருக்கு அதே தொகை அபராதம். கணக்கில் அனுப்பச் சொல்லுங்கள்.

வங்கியில் “சோர்ஸ் லெட்டர்” கேட்டால் நான்கு வரி போதும்: தொகை, என்ன நிகழ்ச்சி, தேதி, என்னென்ன ஆதாரம் கையில் உள்ளது. நகலில் வங்கி முத்திரை வாங்குங்கள். அசல் நோட்டைக் கவுண்டரில் விட்டுவிட்டு வராதீர்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: காசாளர் திருப்தி அடைந்தார் என்பதால் வருமான வரித் துறைக்கு நீங்கள் விளக்கம் சொல்லிவிட்டதாக ஆகாது. அந்தக் கேள்வி பல நேரம் ஓரிரு வருடம் கழித்துத்தான் வரும், அப்போது மேலாளர் மாற்றலாகிப் போயிருப்பார்.

அந்தக் கேள்வி எங்கே வருகிறது என்பதுதான் பெரிய வேடிக்கை. நோட்டீஸ் போகும் மின்னஞ்சலும் போன் எண்ணும், பான் எடுத்துக் கொடுத்த பிரவுசிங் சென்டர்காரருடையதாக இருக்கும். அவர் பார்க்க மாட்டார், உங்களுக்குத் தெரியாது, பதில் வரவில்லை என்று ஒருதலையாக உத்தரவு வந்துவிடும். இன்றே incometax.gov.in தளத்தில் உங்கள் எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றுங்கள். ஏ.ஐ.எஸ். எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையும் அங்கேதான் இருக்கிறது. வங்கி அனுப்பிய 10,33,500 அதில் தெரியும். அதற்கு எதிரே `Information is denied` என்று தட்டிவிடாதீர்கள். பணம் போட்டது உண்மை, மறுத்தால் பொய் சொன்னதாகும். தகவல் சரி என்று ஒப்புக்கொள்வது அது வருமானம் என்று ஒப்புக்கொள்வது ஆகாது. ரிட்டர்னில் பிற வருமானத்தை அதன் இடத்திலும், மஞ்சள் பணத்தையும் உறவினர் மொய்யையும் விலக்குப் பெற்ற வருமானத்திலும் காட்ட வேண்டும்.

நோட்டீஸ் வந்தால் முதலில் அதிலுள்ள ஆவண அடையாள எண்ணை அதே தளத்தில் சரிபாருங்கள். எண் பொருந்தவில்லை என்றால், “செட்டில் பண்ணிடலாம்” என்று போனில் பேசுபவருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. பொருந்தினால், கொடுத்த தேதிக்குள் தளத்திலேயே பதில் ஏற்றுங்கள். வங்கி வரவு ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி, தொகை, எங்கிருந்து, எந்த ஆதாரம் என்று ஒரு பட்டியல், கீழே நோட்டு, அடங்கல், பாஸ்புக் நகல்கள். ஏற்றிய பிறகு வரும் ஒப்புகை எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.