மூன்றுக்கு ஒன்று என்றால் மூன்று மடங்கு அல்ல: சிறு பட்ஜெட்டில் கேம்பெய்ன் பழகும் மாணவர்களுக்கு

"முதல் விளம்பரத்துக்கு 3 டவுன்லோட், இரண்டாவதற்கு 1. ஆகவே முதல் விளம்பரம் மூன்று மடங்கு சிறந்தது." பயிற்சி வேலை கேட்டு வரும் மாணவர் அறிக்கைகளில் இந்த வரி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. கூடவே வண்ண வண்ணமாய் ஒரு வரைபடம். அந்த வரியைப் படித்ததுமே, மேலே இருக்கும் நல்ல வேலையின் மீதும் சந்தேகம் வந்துவிடுகிறது. சொந்தக் காசு போட்டுக் கூகுள் விளம்பரம் பழகுவது நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் காசு எதை வாங்கித் தரும், எதைத் தராது என்று தெரிந்துகொண்டு செலவழியுங்கள்.

முதலில் மாதிரித் தளம். தயவுசெய்து கற்பனைக் கடை போடாதீர்கள். இல்லாத காலணியை விற்பதாகப் பக்கம் அமைத்து, இணையத்தில் எடுத்த படங்களை ஒட்டி, அதற்குக் கூகுளில் விளம்பரம் கொடுத்தால் அது Misrepresentation என்ற விதியில் சிக்கும், கணக்கே முடக்கப்படலாம். பதறிப்போய் வேறு மின்னஞ்சலில் இரண்டாவது கணக்கு திறப்பார்கள். அது Circumventing systems என்ற இன்னொரு பெரிய விதிமீறல். நாளைக்கு நிஜ வாடிக்கையாளரின் கணக்கைத் தொட வேண்டிய கை அது, நினைவிருக்கட்டும். முடங்கினால் செய்ய வேண்டியது மேல்முறையீடு மட்டும்தான்.

மாற்று வழி எளிது: உண்மையிலேயே கொடுக்கக்கூடிய ஒன்றை இலவசமாகக் கொடுங்கள். இந்தக் கட்டுரைக்கு, நான்கு வாரப் படிப்பு அட்டவணை ஒன்றை அச்செடுத்துக்கொள்ளும் பிடிஎஃப்பாகத் தரும் ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். யார் செய்தது, தொடர்பு கொள்ள மின்னஞ்சல், தனியுரிமைப் பக்கம், வேலை செய்யும் டவுன்லோட் பொத்தான். இவ்வளவு போதும். "விரைவில் வருகிறது" என்று எழுதிய காலிப் பகுதிகளை நீக்கிவிடுங்கள். கட்டி முடிக்காத தளத்துக்கு விளம்பரம் அனுமதிக்கப்படாது.

டவுன்லோடை எண்ண நிரல் எதுவும் எழுத வேண்டாம். கூகுள் அனலிட்டிக்ஸில் Enhanced measurement இயங்கினால் பிடிஎஃப் இணைப்பை அழுத்தும்போது `file_download` என்ற நிகழ்வு தானாகப் பதிவாகும். அதை Key event ஆக்கி, விளம்பரக் கணக்கோடு இணைத்து, விளம்பரத்தின் பலனாக எண்ணப்படும் கன்வர்ஷனாக இறக்கிக்கொள்ளுங்கள். பணம் போடும் முன் ஒரு சோதனை. பக்கத்தின் முகவரியோடு இப்படிச் சேர்த்துத் திறந்து பாருங்கள்:

```
https://example.com/attavanai/?gclid=test123
```

எந்த விளம்பரக் கிளிக்கில் வந்தவர் என்று காட்டக் கூகுள் ஒட்டும் அடையாளம்தான் `gclid`. பக்கம் முழுதாகத் திறந்த பிறகும் முகவரிப் பட்டையில் அது இருக்க வேண்டும். காணாமல் போனால், உங்கள் தளம் வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் வழியில் அதை உதிர்த்துவிடுகிறது என்று பொருள். அப்போது கிளிக் ஒரு பக்கமும் டவுன்லோட் ஒரு பக்கமும் நிற்கும். எது எதனால் வந்தது என்று கணக்கு சேராது. பாதிப் பணம் போன பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள்தான் அதிகம்.

இனி பணம். கையில் 1000 இருக்கிறது என்று கொள்வோம். எந்த நாட்டுக் காசானாலும் கணக்கு ஒன்றே. 14 நாள் ஓட்ட வேண்டும், அதனால் தினசரி பட்ஜெட் 70, மொத்தம் 980 என்று எல்லாரும் போடுகிறார்கள். தப்பு. தினசரி பட்ஜெட் என்பது சராசரி மட்டுமே. ஒரு நாளில் அதன் இரு மடங்கு வரை, அதாவது 140 வரை செலவாகலாம். உறுதியான வரம்பு மாதத்துக்குத்தான்: தினசரித் தொகையின் 30.4 மடங்கு, இங்கே 2128. தினமும் 140 போனால் 14 நாளில் 1960. இது மாத வரம்புக்குள் அடங்குவதால் விதிப்படி இதில் பிழையே இல்லை, உங்கள் பை காலியானதைத் தவிர. தினமும் அப்படிப் போகும் என்று சொல்லவில்லை, போக இடம் இருக்கிறது என்கிறேன். எனவே 35-இல் தொடங்குங்கள். மோசமான நாளிலும் 70 தாண்டாது. மூன்று நாள் பார்த்துவிட்டு, மிச்சத்தைக் கணக்கிட்டு ஏற்றுங்கள். முன்பணம் கட்டும் வசதி உங்கள் கணக்கில் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பணம் தீர்ந்ததும் விளம்பரம் நிற்கும்.

ஏலமுறைக்கு Maximize clicks போதும், Maximum CPC bid limit-இல் ஒரு கிளிக்குக்கு 10 என்று உச்சவரம்பு கட்டுங்கள். கன்வர்ஷனை அதிகரிக்கும் முறைகள் பழைய கன்வர்ஷன்களைப் பார்த்துக் கற்பவை. உங்களிடம் அது இல்லை.

அமைப்புகளில் மூன்று இடங்களில் கை வைத்தே ஆக வேண்டும். Display Network, Search partners இரண்டின் தேர்வையும் எடுத்துவிடுங்கள். இடத் தேர்வில் Presence or interest என்று இருப்பதை Presence என மாற்றுங்கள். இல்லாவிட்டால் அந்த இடத்தைப் பற்றித் தேடிய வெளியூர்க்காரருக்கும் விளம்பரம் போகும். Recommendations பக்கத்தில் தானாகவே மாற்றங்களைச் செய்துகொள்ளும் Auto-apply-யை அணையுங்கள்.

கீவேர்டுக்கு வருவோம். உங்கள் காசு உண்மையில் வாங்குவது இங்கேதான் இருக்கிறது. நான்கைந்து கீவேர்டு போதும், அனைத்தும் மேற்கோள் குறிக்குள்ளோ சதுர அடைப்புக்குள்ளோ இருக்கட்டும்:

```
"படிப்பு அட்டவணை"
[படிப்பு அட்டவணை தயாரிப்பது எப்படி]
"தேர்வு அட்டவணை"
```

மூன்றாவதை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன், ஏனென்றால் எல்லாரும் சேர்க்கிறார்கள். மூன்று நாள் கழித்து Search terms அறிக்கையைத் திறந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி: கிளிக் 21, அதில் தேடல் சொல் தெரிவது 13. மீதி 8 எங்கே என்று பதற வேண்டாம், மிகச் சிலரே தேடிய சொற்களைக் கூகுள் காட்டாது. தெரிகிற 13-இல் 8 பேர் "பொதுத் தேர்வு அட்டவணை", "தேர்வு கால அட்டவணை எப்போது வரும்" என்று தேடியவர்கள். அவர்களுக்கு வேண்டியது தேர்வுத் தேதி. உங்கள் அட்டவணையைப் பார்த்ததும் திரும்பிவிடுவார்கள். விளம்பர வாசகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த 8 கிளிக்கும் வீண்தான்.

செய்ய வேண்டியவை இரண்டு. "தேர்வு அட்டவணை" கீவேர்டை நிறுத்துங்கள். பிறகு, மற்ற கீவேர்டுகள் வழியாகவும் அதே கூட்டம் உள்ளே வராதபடி "தேர்வு அட்டவணை", "கால அட்டவணை", "தேர்வு தேதி" ஆகியவற்றை எதிர்மறைக் கீவேர்டுகளாகப் போடுங்கள். சாதாரணக் கீவேர்டு ஒரே பொருளுள்ள வேறு வடிவங்களையும் இழுத்துக்கொள்ளும். எதிர்மறைக் கீவேர்டு அப்படிச் செய்யாது. "தேர்வு தேதி" என்று தடுத்தால் "தேர்வு தேதிகள்" தடுபடாது, அதைத் தனியாக எழுத வேண்டும். வேற்றுமை உருபும் பன்மையும் ஒட்டிக்கொண்டு வரும் தமிழில் இது கூடுதல் வேலைதான். ஆனால் அதே குணம் கைகொடுக்கவும் செய்கிறது: "தேர்வுக்குப் படிக்க அட்டவணை" என்று சரியான ஆள் தேடினால் அந்தத் தடையில் மாட்டாமல் வந்துவிடுவார்.

இந்தச் சுத்திகரிப்பை மூன்று நாளுக்கு ஒருமுறை செய்யுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி, காரணம், எந்தத் தேடல் சொல்லைப் பார்த்து முடிவெடுத்தீர்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள். Change history பக்கம் என்ன மாற்றினீர்கள் என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. வேலைக்கு எடுப்பவர் தேடுவது அந்த "ஏன்"-ஐ.

அப்புறம், விளம்பரம் வருகிறதா என்று நீங்களே கூகுளில் தேடித் தேடிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தேடலும் ஒரு காட்சியாகப் பதிவாகிக் கிளிக் விகிதத்தைக் கெடுக்கும். பார்க்கத்தான் Ad Preview and Diagnosis இருக்கிறது. நண்பர்களிடம் "ஒரு கிளிக் பண்ணுடா" என்று அனுப்புவதைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை. அதற்கு உங்கள் காசை நேராக அவர்களிடமே கொடுத்துவிடலாம்.

இப்போது அந்த மூன்றுக்கு ஒன்று. 14 நாள் முடிவில் 96 கிளிக், 4 டவுன்லோட். இரண்டு விளம்பரங்களுக்கும் கிளிக் சரிபாதியாகப் பிரிந்தது என்றே வைத்துக்கொள்வோம். இரண்டும் தரத்தில் அச்சு அசலாக ஒன்று என்றால், ஒவ்வொரு டவுன்லோடும் எந்த விளம்பரத்தின் கணக்கில் விழும் என்பது நாணயம் சுண்டுவது போலத்தான். நான்கு முறை சுண்டினால் 16 விதமாக விழலாம். இரண்டுக்கு இரண்டு என விழுவது 6. மூன்றுக்கு ஒன்று என விழுவது 8. நான்கும் ஒரே பக்கம் விழுவது 2. அதாவது, வித்தியாசமே இல்லாத இரண்டு விளம்பரங்களில்கூட 16-இல் 10 முறை ஒன்று மற்றதைவிட "மூன்று மடங்கோ அதற்கு மேலோ சிறந்ததாக"த் தெரியும்! சமமாக முடிவது 6 முறைதான். நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு நாணயத்தை எடுத்து, நான்கு நான்காக இருபது தடவை சுண்டிப் பாருங்கள். செலவில்லாத பயிற்சி.

மொத்தக் கணக்கும் அப்படித்தான். 96-க்கு 4 என்றால் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆனால் உண்மை விகிதம் சுமார் 1-இலிருந்து 10 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதுதான் இந்த அளவுக்குச் சொல்லக்கூடியது. ஒரு டவுன்லோடும் வராமல் போனால்? அதற்கு ஒரு சுருக்குக் கணக்கு உண்டு: 3-ஐக் கிளிக் எண்ணிக்கையால் வகுங்கள். 60 கிளிக்கில் பூஜ்யம் என்றால், உண்மை விகிதம் அநேகமாக 5 சதவீதத்துக்கு மேல் இல்லை. "பக்கம் தோற்றுவிட்டது" என்று அதற்குப் பொருள் இல்லை. 3 சதவீதம் தரக்கூடிய நல்ல பக்கமும் 60 கிளிக்கில் வெறுங்கையோடு நிற்கலாம்.

ஆகவே அறிக்கையில் வெற்றி விகிதத்துக்கு ஒரே ஒரு வரி கொடுங்கள், அதுவும் இந்த இடைவெளியோடு. மிச்ச இடமெல்லாம் தேடல் சொற்களுக்கு. முதல் மூன்று நாளில் தேடல் சொல் தெரிந்த 13 கிளிக்கில் 8 தவறானவை. தடை போட்ட பிறகு கடைசி மூன்று நாளில் எத்தனை? இந்தப் பட்டியலில் எது பொருந்தும், எது பொருந்தாது என்று ஒவ்வொன்றாகப் படித்துத்தான் பிரித்தீர்கள், அதனால் நாணயச் சிக்கல் இங்கே அவ்வளவாகக் கடிக்காது. தடுத்த சொற்களின் பட்டியலை முழுசாக இணையுங்கள். நிறுத்திய கீவேர்டையும், நிறுத்திய தேதியையும் எழுதுங்கள்.

முடிந்த நாளிலேயே கேம்பெய்னை Pause செய்துவிட்டு, மறுநாள் காலை ஒருமுறை திறந்து செலவு நின்றுவிட்டதா என்று பாருங்கள். தேர்வு மும்முரத்தில் மறந்துபோய், மாதக் கடைசியில் அட்டைக் கணக்கைப் பார்த்து அலறுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.